கல்லாவில் கைவைக்கும் முதலாளி

மளிகைக் கடைக்காரர் இரவு கடையைப் பூட்டிக் கிளம்பும்போது கையில் ஒரு பை. உள்ளே எண்ணெய், துவரம் பருப்பு, சோப்பு. பில் கிடையாது. காலையில் மகளின் டியூஷனுக்காகக் கல்லாவிலிருந்து எடுத்த பணத்துக்கும் சீட்டு கிடையாது. சொந்தக் கடைதானே, யாரிடம் கேட்க வேண்டும்?

யாரிடமும் கேட்க வேண்டாம். தனியாள் வணிகத்தில் கடையும் முதலாளியும் சட்டத்துக்கு ஒரே ஆள். கணக்குப் புத்தகம் மட்டும் இருவரையும் பிரித்துப் பார்க்கும். முதலாளி தனக்காக எடுப்பதற்கு அங்கே 'எடுப்பு' என்று பெயர். அது கடையின் செலவு அல்ல. 'என் சம்பளம்' என்று எழுதிக்கொண்டாலும் வருமான வரித் துறை ஏற்காது. அவர் போட்ட முதலிலிருந்துதான் அது கழியும்.

பணமென்றால் எடுத்த தொகையை எழுதினால் போதும். சரக்கென்றால் எந்த விலைக்கு எழுதுவது? வாங்கிய விலைக்கு, அதைக் கொள்முதலிலும் கழித்துவிட வேண்டும். இதற்கு ஒரு வழக்கே நடந்திருக்கிறது. பம்பாயில் வெள்ளியும் பங்குகளும் வாங்கி விற்ற கிகாபாய் பிரேம்சந்த், தன் வியாபாரச் சரக்கில் ஒரு பகுதியை எடுத்து அறக்கட்டளைகளுக்குக் கொடுத்தார். சந்தை விலையில் லாபம் கணக்கிட வேண்டும் என்றது வரித் துறை. தனக்குத் தானே விற்று ஒருவர் லாபம் பார்க்க முடியாது என்ற வழியில் 1953இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இரண்டே ஆண்டுகளில் இங்கிலாந்தில், பந்தயக் குதிரை வழக்கு ஒன்றில், சந்தை விலைதான் என்று நேர்மாறாகத் தீர்ப்பு வந்தது வேறு கதை.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய் விற்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். விற்ற சரக்கின் அடக்க விலை 26,40,000. மொத்த லாபம் 3,60,000, அதாவது நூற்றுக்கு 12. வீட்டுக்கு மாதம் 3,000 ரூபாய்ச் சரக்கு போகிறது. ஆண்டுக்கு 36,000. குறிக்காவிட்டால் இதுவும் விற்ற சரக்கின் அடக்கத்தில் சேர்ந்துகொள்ளும். லாபம் 3,24,000 ஆகி, நூற்றுக்கு 10.8க்கு இறங்கும். விலையையும் குறைக்கவில்லை, கொள்முதலும் ஏறவில்லை, இருப்பு மட்டும் உதைக்கிறது. சந்தேகம் முதலில் விழுவது கடைப் பையன் மேல்தான். பாவம், அவன் ஒரு மிட்டாய்கூடத் தொட்டிருக்க மாட்டான்.

வரியிலும் சிக்கல் உண்டு. குறையும் 36,000 ரூபாய் லாபத்துக்கு வருமான வரி கட்டாமல் போகிறது. ஜிஎஸ்டியில், சொந்த உபயோகத்துக்குப் போன சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஏற்கெனவே எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அந்த வரவே இல்லாததால் இந்த வேலை மிச்சம்.

கல்லாப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தால் போதும். தேதி, பொருள், வாங்கிய விலை. பையை வீட்டுக்கு எடுத்துப் போவது மனைவியோ மகனோ ஆனாலும் அதே நோட்டில்தான் எழுத வேண்டும்.