திருவிழாவும் தலைவலியும்

சித்திரை மாதம் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குக் கம்பம், சின்னமனூர், தேனி வட்டாரங்களிலிருந்து திரளாக மக்கள் வருவதை நாம் அறிவோம். அக்கினிச் சட்டியும் ஆயிரங்கண் பானையும் ஏந்தி வந்து, வீடு திரும்பியதும் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவோரும் உண்டு. வெடிச் சத்தமே காரணம் என்று அவர்கள் கூறுவர். ஆனால் சத்தம் பெரும்பாலும் கடைசிக் காரணமே.

ஓர் உழவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. முன்னிரவு அவர் உறங்கவில்லை. விரதத்தால் காலையில் உண்ணவுமில்லை. வெயிலில் நெரிசலினூடே நடந்ததால் உடலின் நீர் வற்றியது. இவற்றுள் ஒன்று மட்டும் நேர்ந்திருந்தால் அவர் தாங்கியிருக்கக் கூடும். எல்லாம் சேர்ந்த நிலையில் ஒலிபெருக்கியின் முழக்கமும் வெடிமருந்துப் புகையின் நெடியும் தாக்கவே, நெற்றிப்பொட்டில் துடிக்கும் வலியும் குமட்டலும் தொடங்கின. இத்தகையோரின் மூளை ஒலி, ஒளி, மணம் ஆகியவற்றை மிகையாக உணரும் தன்மையுடையது.

ஆகவே, பாதுகாப்பு முன்னாளிலேயே தொடங்க வேண்டும். நன்றாக உறங்குதல் முதற்படி. விரதமிருப்போர் நீர்மோரோ இளநீரோ அருந்தத் தடையுண்டா என்று வீட்டுப் பெரியோரைக் கேட்டறியலாம். காதில் பஞ்சு அடைப்பதால் பயன் குறைவு. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரைச் செவியடைப்பானை உருட்டிச் சற்று உள்ளே செலுத்தினால் அது விரிந்து ஒலியை நன்கு தடுக்கும். வெடி வெடிக்கும்போது காற்று வரும் திசையில் நிற்றல் நலம். அப்போது புகை நம்மை விட்டு விலகிச் செல்லும்.

தூரமே சிறந்த காப்பு. திறந்தவெளியில் ஒலிபெருக்கியிலிருந்து விலகும் தூரம் இரட்டிப்பாகுந்தோறும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். 4 மீட்டரில் 100 டெசிபெல் இருந்தால், 32 மீட்டரில் அது 82 ஆகும். எனவே பஞ்சாயத்து உறுப்பினர்கள் கூம்புகளை மக்கள் வரிசைக்கு அருகில் கட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக நள்ளிரவு வரை அரசு அளிக்கும் விலக்கும் ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம்.

வலி தொடங்கியதுமே நிழலான, அமைதியான இடத்துக்குச் சென்று நீர் அருந்தி, மருத்துவர் கூறிய மாத்திரையை உட்கொள்ள வேண்டும். தாமதித்தால் அதன் பயன் குறையும். ஆயினும் மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ வலி மாத்திரை உண்டுவந்தால், அம்மாத்திரையே தலைவலியை வளர்க்கும்.

இடி விழுந்தாற்போல் திடீரெனக் கடும் வலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, வெயிலில் நின்றபின் அறிவு தடுமாற்றம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அது திருவிழாத் தலைவலி அன்று. உடனே 108 வண்டியை அழைத்தல் வேண்டும்.