சைன் அலை முக்கோணமாகும் இடம்

ஆப்-ஆம்ப் ஒன்றின் வெளியீட்டு மின்னழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறி இறங்க முடியும் என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதுவே ஸ்லூ ரேட். 1968-இல் ஃபேர்சைல்டு நிறுவனம் வெளியிட்ட 741 சிப்பில் அது மைக்ரோ விநாடிக்குச் சுமார் 0.5 வோல்ட்.

இந்த வரம்பு வருவது உள்ளே இருக்கும் 30 பிகோஃபாரட் மின்தேக்கியால். அதை நிரப்ப முதல் கட்டம் தரக்கூடிய மின்னோட்டம் ஏறக்குறைய 15 மைக்ரோ ஆம்பியர்தான். குழாயில் வரும் நீர் அவ்வளவுதான் என்றால், குடம் அதைவிட வேகமாக நிறையாது.

சைன் அலை மிகச் செங்குத்தாக இருப்பது உச்சியில் அல்ல, பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில். அங்கே அதன் சரிவு 2πfV. இதில் V என்பது உச்ச மதிப்பு, உச்சிக்கு உச்சி அளவு அல்ல. பலரும் சறுக்குவது இங்கேதான். இந்தச் சரிவு ஸ்லூ ரேட்டைத் தாண்டாதவரை அலை சிதையாது:

f = SR / (2πV)

உச்சம் 10 வோல்ட் என்றால், 5,00,000-ஐ 62.8-ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 8 கிலோஹெர்ட்ஸ். உச்சம் 1 வோல்ட் ஆனால் அதே சிப் 80 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்கும்.

10 வோல்ட் அலையை 20 கிலோஹெர்ட்ஸில் கேட்டால், அலைக்காட்டியில் தெரிவது முக்கோணம், உயரமும் 6.25 வோல்ட்டாகக் குறைந்திருக்கும். உள்ளீட்டைச் சற்றுக் கூட்டிப் பார்த்தும் சரிவு மாறவில்லையென்றால், குற்றவாளி ஸ்லூ ரேட்தான்.