ஒரே ஆலை, இரண்டு விலை

திருகோணமலைத் துறைமுகக் கரையில் டோக்கியோ சீமெந்து ஆலையைத் தெரியாதவர்கள் குறைவு. 1982இல் தொடங்கிய அந்தக் கம்பனிக்குக் கொழும்புப் பங்குச்சந்தையில் இரண்டு வகைப் பங்குகள் உண்டு என்பது அவ்வளவு தெரிந்த விஷயம் இல்லை. திரையில் `TKYO.N0000` என்று வருவது வாக்குரிமை உள்ளது. `TKYO.X0000` வாக்குரிமை இல்லாதது. ஆலையும் கணக்குப் புத்தகமும் ஒன்றுதான். வாக்குப் பங்கின் விலை வழக்கமாகக் கொஞ்சம் கூட. அந்தக் "கொஞ்சம்" ஒரு நாள் விரியும், ஒரு நாள் சுருங்கும். ஜோடி வணிகம் பிழைப்பது அந்த அசைவில்தான். 1980களில் மோர்கன் ஸ்டான்லியில் ஒரு குழு கணினி வைத்துப் பெரிய அளவில் செய்த வேலை இது. தேநீர் ஆறுவதற்குள் நாம் அதைத் தாளில் செய்து பார்க்கலாம்.

ஒரு விலையிலிருந்து மற்றதைச் சும்மா கழித்தால் போதாதா? போதாது. ஒன்று ஒரு ரூபாய் ஏறும்போது மற்றது சரியாக ஒரு ரூபாய் ஏறுவதில்லை. எவ்வளவு ஏறுகிறது என்பதைப் பழைய விலைகளிடமே கேட்பதுதான் ரிக்ரஷன். ஓராண்டின் முடிவு விலைகளை எக்செலில் B நிரலில் வாக்குப் பங்கு, C நிரலில் மற்றது என்று போட்டால் மூன்று வரியில் முடிந்துவிடும்:

```
=SLOPE(B2:B241, C2:C241)
=INTERCEPT(B2:B241, C2:C241)
=STEYX(B2:B241, C2:C241)
```

கணக்குக்காக எண்களை நானே வைக்கிறேன், சந்தை விலை என்று எடுக்காதீர்கள். சாய்வு 1.15, வெட்டு 3, கடைசி வரி தரும் நியம விலகல் 1.60 ரூபாய். இந்த 1.15தான் ஹெட்ஜ் விகிதம்: ஒரு வாக்குப் பங்குக்கு எதிரே 1.15 மற்றப் பங்கு.

இன்று வாக்கில்லாதது 40 ரூபாய் என்றால், மற்றது 3 + 1.15 × 40 = 49 ரூபாயில் இருக்க வேண்டும். சந்தையிலோ 53. நாலு ரூபாய் விலகல், அதை 1.60ஆல் வகுத்தால் 2.5. அதுதான் இசட் மதிப்பு. விலகல் வழமையானதா, அதிசயமா என்று அது சொல்கிறது. 2ஐத் தாண்டினால் நுழை, பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் வெளியேறு என்பது புத்தக விதி.

புத்தகத்தில் விலை கூடியதைக் கடன் வாங்கி விற்பார்கள். நம் சிறு முதலீட்டாளருக்கு அது கைக்கு எட்டாத வசதி. ஆனால் ஏற்கெனவே 1,000 வாக்குப் பங்கு வைத்திருப்பவர் அதை 53க்கு விற்று 1,150 மற்றப் பங்கை 40க்கு வாங்கலாம். சில வாரம் கழித்து வாக்கில்லாதது 42, மற்றது 51.30 ஆகிறது, விலகல் பூச்சியம். திருப்பி மாற்றினால் ஒரு பக்கம் 1,700, மறுபக்கம் 2,300, மொத்தம் 4,000 ரூபாய். சந்தை ஏறியதா இறங்கியதா என்பது இந்த 4,000ஐத் தொடாது.

இதைத் தொடுவது கட்டணம். தரகர் கூலி, வரி எல்லாம் சேர்த்துச் சாதாரண அளவிலான ஒவ்வொரு வாங்கலுக்கும் விற்றலுக்கும் 1.12 சதவீதம் போகிறது. நம் நாலு பரிவர்த்தனைக்கு அது சுமார் 2,224 ரூபாய். கையில் மிஞ்சுவது 1,776. அப்படியென்றால் 2,224ஐ ஈடுகட்டவே இசட் 1.4 வேண்டும். 2இல் நுழைந்தால் ஆயிரம் ரூபாய்க்குக் கிட்டத்தான் லாபம், அதுவும் பூச்சியம் வரை காத்திருந்தால். இசட் எத்தனை என்று கேட்பதற்கு முன் எத்தனை ரூபாய் என்று கேட்பதுதான் புத்தி.

பொய்யான இசட்டும் வரும். ஒரு பங்கின் கடைசி விலை காலை பத்து மணிக்கு நடந்தது, மற்றது பிற்பகல் 2.25க்கு நடந்தது என்று வையுங்கள். இடையில் சந்தை நகர்ந்திருந்தால் திரையில் தெரியும் விலகல் உண்மையில் இல்லை. கடைசி விலையை விட்டுவிட்டு, இப்போது வாங்க நிற்பவர் சொல்லும் விலை, விற்க நிற்பவர் சொல்லும் விலை இரண்டையும் வைத்துத் திரும்பக் கணக்கிட்டுப் பாருங்கள். பாதிச் சைகைகள் அங்கேயே கரைந்துவிடும்.

மற்ற ஆபத்து கொஞ்சம் பெரியது. விலகல் திரும்பி வரும் என்பது நம் ஊகம்தான். ஒரு கம்பனியின் ஆட்சியைப் பிடிக்க யாராவது பங்கு சேர்க்கத் தொடங்கினால் வாக்குக்குத் தனி விலை வந்துவிடும். பழைய 49 இனி 49 அல்ல. இசட் 2.5இலிருந்து 4க்குப் போகும். "இன்னும் மலிவு" என்று மேலும் மாற்றத் தோன்றும் நேரம் அது. கடைசி மூன்று மாத விலையை மட்டும் வைத்துச் சாய்வையும் வெட்டையும் மறுபடி எடுங்கள். அவை முழு ஆண்டுக் கணக்கிலிருந்து வெகுதூரம் போயிருந்தால், விரிந்தது இடைவெளி இல்லை, உறவே மாறிவிட்டது. அந்த ஜோடியை மூடிவிட வேண்டியதுதான்.

மாற்றும் நாளில் ஒரு கைவேலை நுணுக்கம்: எந்தப் பங்கு குறைவாகக் கைமாறுகிறதோ அதை முதலில் முடியுங்கள். சுலபமான பக்கத்தை விற்றுவிட்டு மற்றதற்கு ஆள் கிடைக்காமல் பிற்பகல் 2.30 ஆகிவிட்டால், உங்களிடம் இருப்பது ஜோடி அல்ல, வெறும் காசு.