கை போவதற்கு முன்னால் குரல் போக வேண்டும்: மிக்ஸி பழுதுபார்க்கும் வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது எப்படி?

பழுதுபார்க்கும் வீடியோவைப் பெரும்பாலானோர் முழுதாகப் பார்த்து முடித்துவிட்டு வேலையைத் தொடங்குவதில்லை. போனைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்துக்கொண்டு, சொல்லச் சொல்லச் செய்துகொண்டே போகிறார்கள். "அடி மூடியைக் கழற்றுங்க" என்று குரல் சொன்னதும் கழற்றிவிடுவார்கள். "அதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கியிருக்கணும்" என்பது அடுத்த வாக்கியத்தில் வந்தால், அதற்குள் கை உள்ளே போயிருக்கும். அதனால் இந்த ஸ்கிரிப்டில் எந்த வாக்கியம் எதற்கு முன்னால் வருகிறது என்பதில்தான் பார்ப்பவரின் பாதுகாப்பு இருக்கிறது. அந்த வரிசையை எப்படி அமைப்பது என்பதை, ஓடாமல் நின்றுபோன ஒரு மிக்ஸியை வைத்துப் பார்ப்போம்.

முதலில் மின்சாரத்தின் வழி

கேமராவை எடுப்பதற்கு முன், மிக்ஸிக்குள் மின்சாரம் போகும் வழியை ஒரு தாளில் வரைந்துகொள்ள வேண்டும். பிளக்கிலிருந்து வயர், அங்கிருந்து ஓவர்லோடு பட்டன், பிறகு வேகத்தை மாற்றும் சுவிட்ச், அதன்பின் மோட்டாரின் வெளிச்சுருள், அடுத்து கார்பன் பிரஷ், சுழலும் ஆர்மேச்சர், மறுபக்க பிரஷ், மறுபடியும் வயர். எல்லாம் ஒரே சங்கிலி. எங்கே அறுந்தாலும் மிக்ஸி மொத்தமாக நின்றுவிடும். வெளியே தெரிவது "ஓடலை" என்ற ஒரே அடையாளம்தான்; காரணமோ ஏழெட்டு இருக்கலாம்.

அந்தக் காரணங்களை எந்த வரிசையில் சோதிப்பது? கருவியே தேவைப்படாதது முதலில், வெளியிலிருந்தே அளக்கக்கூடியது அடுத்து, மூடியைத் திறந்தால்தான் தெரிவது கடைசியில். வீட்டு மிக்ஸிகளில் அடிக்கடி வரும் கோளாறுகள் பலவும் மூடியைத் திறக்காமலே பிடிபடக்கூடியவை. அவற்றை முதலில் வைத்தால், பார்ப்பவர்களில் பலருக்கு ஸ்க்ரூடிரைவரைத் தொடவேண்டிய தேவையே வராது.

ஸ்கிரிப்ட்: ஏழு படிகள்

ஒவ்வொரு படியிலும் "காட்சி" என்பது கேமராவுக்கு, "குரல்" என்பது பேசுபவருக்கு. எச்சரிக்கை எப்போதும் குரலின் முதல் வாக்கியம்.

1. பிளக் பாயிண்ட்.
காட்சி: சுவிட்ச் போர்டு, பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன்.
குரல்: "மிக்ஸியைத் தொட்டப்போ எப்பவாவது ஷாக் அடிச்சிருந்தா இத்தோட நிறுத்திடுங்க, மெக்கானிக்கிட்ட கொடுங்க. இல்லன்னா, மிக்ஸி பிளக்கை எடுத்துட்டு அதே பாயிண்ட்ல ஃபேனைப் போட்டுப் பாருங்க. ஃபேனும் ஓடலைன்னா கோளாறு பாயிண்ட்லதான்."

2. ஓவர்லோடு பட்டன்.
காட்சி: பிளக் மேடைமேல் கிடக்கிறது, கேமரா அங்கிருந்து நகர்ந்து, கவிழ்த்த மிக்ஸியின் அடியில் உள்ள சிறிய பட்டனுக்கு வருகிறது.
குரல்: "பிளக் வெளியில இருக்கா? குமிழ் சைபர்ல இருக்கா? ஜாரை எடுத்துட்டு மிக்ஸியைக் கவிழ்த்துங்க. சூடு ஆற பத்து நிமிஷம் விடுங்க. அப்புறம் இந்தப் பட்டனை அழுத்துங்க. டிக்குன்னு உள்ள போனா, அது ட்ரிப் ஆகியிருந்துச்சுன்னு அர்த்தம்."

3. ஜார் இல்லாமல் ஓட்டம்.
காட்சி: வெறும் மிக்ஸி, மேலே சுற்றும் கப்ளர்.
குரல்: "முடி, துப்பட்டா, கரண்டி எதுவும் கிட்ட வரக்கூடாது. மிக்ஸியை நிமிர்த்தி வெச்சு, பிளக்கைப் போட்டு, முதல் வேகத்துல மூணு விநாடி மட்டும் ஓட்டுங்க." ஜார் பூட்டினால்தான் ஓடும் மாடலாக இருந்தால், வேறொரு காலி ஜாரை மாட்டச் சொல்ல வேண்டும். வெறுமனே ஓடும்போதே பட்டன் மறுபடி விழுந்தால் கோளாறு மோட்டாரில். அது மெக்கானிக்கின் வேலை.

4. ஜார்.
காட்சி: மூடி போட்டுக் கவிழ்த்த ஜார், அடியில் உள்ள கப்ளரைத் திருப்பும் விரல்கள்.
குரல்: "ஜாருக்குள்ள கை விடாதீங்க. கவிழ்த்து, அடியில இருக்கிற கப்ளரைத் திருப்புங்க. லேசா சுத்தினா நல்ல ஜார். இறுகி நின்னா புஷ் பிடிச்சிருக்கு."

5. மிக்ஸியின் கப்ளர். மோட்டார் சத்தம் கேட்டும் பிளேடு சுற்றவில்லை என்றால் பற்கள் தேய்ந்திருக்கும்.
காட்சி: புதிய கப்ளரும் தேய்ந்ததும் அருகருகே.
குரல்: "பிளக்கைப் பிடுங்கிட்டுத் தொடுங்க. மோட்டார் எந்தப் பக்கம் சுத்துமோ, அதே பக்கம் திருப்பினாத்தான் கழலும்."

6. மல்டிமீட்டர்.
காட்சி: மீட்டரின் குமிழ் ஓம் குறியில் நிற்பது, இரண்டு முனைகளும் பிளக்கின் மேலே உள்ள பருமனான எர்த் பின்னைத் தவிர்த்து மற்ற இரண்டையும் தொடுகின்றன.
குரல்: "பிளக் போர்டுல இருக்கும்போது இந்த முனைகளை வைக்கவே கூடாது. பிளக் கையில இருக்கட்டும். குமிழ் சைபர்ல இருந்தா மீட்டர் எதுவும் காட்டாது. ஒண்ணுல வெச்சா சில ஓம்லேர்ந்து சில பத்து ஓம் வரைக்கும் காட்டணும்." அப்போதும் எதுவும் காட்டாவிட்டால் சங்கிலி எங்கோ அறுந்திருக்கிறது. இரண்டாம், மூன்றாம் வேகத்தில் மட்டும் அளவு வந்தால் சந்தேகம் சுவிட்சின்மேல் விழும்.

7. கார்பன் பிரஷ்.
காட்சி: பிளக் மேடைமேல், கழற்றிய ஸ்க்ரூக்கள் ஒரு கிண்ணத்தில், மோட்டாரின் இருபுறமும் உள்ள பிரஷ்கள்.
குரல்: "பிளக்கை இன்னொரு தடவை பாருங்க. இப்ப மூடியைத் திறக்கலாம். பிரஷ் ரெண்டையும் வெளியில எடுத்து நீளத்தைப் பாருங்க. அஞ்சு, ஆறு மில்லிமீட்டருக்கும் கீழ தேஞ்சிருந்தா ரெண்டையும் சேர்த்து மாத்துங்க. மூடியை முழுசா பூட்டாம பிளக்கைப் போடாதீங்க."

அருகாமைக் காட்சி எதற்கு?

ஸ்க்ரூடிரைவரைப் பளபளப்பாகத் திரை நிறையக் காட்டுவதில் பயன் ஒன்றுமில்லை. அதன் முனை நட்சத்திர வடிவமா தட்டையா, ஸ்க்ரூவின் தலையில் முழுதாக உட்காருகிறதா என்பதைத்தான் காட்ட வேண்டும். பொருந்தாத முனையால் திருகினால் தலை மழுங்கும். பிறகு அந்த மூடியைத் திறப்பதே பெரும்பாடாகிவிடும். மல்டிமீட்டர் என்றால், குமிழ் எந்தக் குறியில் நிற்கிறது, எந்த வயர் எந்தத் துளையில் இருக்கிறது என்பது தெரிய வேண்டும்.

உதிரிபாகங்களை எப்போதும் ஜோடியாகக் காட்ட வேண்டும். தேய்ந்த பிரஷ்ஷை மட்டும் காட்டினால், பார்ப்பவருக்கு அது தேய்ந்ததா, அதன் அளவே அவ்வளவுதானா என்று தெரியாது. புதியதைப் பக்கத்தில் வைத்து, கூடவே ஓர் அளவுகோலையும் வைத்தால் குழப்பம் தீரும். தீப்பொறியும் அப்படித்தான். பிரஷ் தொடும் இடத்தில் சின்னதாக நீலப்பொறி தெரிவது இயல்பு. ஆர்மேச்சரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் பிரஷ்ஷோ ஆர்மேச்சரோ கெட்டிருக்கிறது. இரண்டையும் எடுத்துக் காட்டாவிட்டால், நல்ல மிக்ஸியை வைத்திருப்பவரும் பயந்துபோவார்.

கேமரா செய்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். எதிரே நின்று எடுத்தால் பார்ப்பவருக்கு இடமும் வலமும் மாறித் தெரியும். கப்ளர் திருப்பும் படியில் இது உண்மையான இடைஞ்சல். பாரம் ஏற ஏற இறுகும்படி அதன் மரை அமைக்கப்பட்டிருக்கிறது. தவறான பக்கம் பலங்கொண்டு திருப்பினால் இன்னும் இறுகிவிடும்.

எச்சரிக்கையில் காரணமும் வேண்டும்

"கவனமாக இருங்கள்" என்று சொன்னால் யாருக்கும் எதுவும் புரிவதில்லை. என்ன செய்ய வேண்டும், ஏன் என்று இரண்டும் வர வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்கிறோம். பழைய வீடுகளில் சுவிட்ச் சில நேரம் நியூட்ரல் வயரில் மாட்டப்பட்டிருக்கும். அங்கே சுவிட்சை அணைத்தாலும் 230 வோல்ட் மிக்ஸிக்குள் வந்து நிற்கும். இந்த ஒரு காரணத்தைச் சொன்னால் பிளக்கைப் பிடுங்காமல் யாரும் திறக்கமாட்டார்கள். திறந்து வேலை செய்யும் எல்லாக் காட்சியிலும் பிடுங்கிய பிளக் ஓர் ஓரத்தில் கண்ணில் படும்படி இருக்கட்டும். வீடியோவை நடுவில் திறந்து பார்ப்பவருக்கும் அது தெரியும்.

டெஸ்டரை நம்பி "கரண்ட் இல்லை" என்று முடிவுகட்டும் காட்சியை வைக்கவே கூடாது. டெஸ்டர் எரியாமல் போக அதன் கோளாறே காரணமாக இருக்கலாம். மல்டிமீட்டருக்கும் எல்லை உண்டு. மின்கசிவு சில நேரம் 230 வோல்ட் ஏறும்போதுதான் வெளிப்படும். சிறு பேட்டரியில் அளக்கும் மீட்டருக்கு அது தெரியாது. ஷாக் அடித்த மிக்ஸியை முதல் படியிலேயே விலக்குவது அதனால்தான்.

சில சாதனங்களுக்கு வீட்டில் திறக்கும் வீடியோவே கூடாது. மைக்ரோவேவ் அவனில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் 2000 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அது உயிரைப் பறிக்கக்கூடிய அளவு.

ஒரு சட்னி, ஒரு சோதனை

தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது மிக்ஸி உறுமி, லேசாகக் கருகல் வாடை அடித்து நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் எரிந்துவிட்டது என்றே தோன்றும். முதல் படியில் பாயிண்ட் சரியாக இருக்கிறது. இரண்டாம் படியில் பட்டன் டிக்கென்று உள்ளே போகிறது. மூன்றாம் படியில் ஜார் இல்லாமல் சத்தமின்றி ஓடுகிறது. மோட்டாரின் மேலிருந்த சந்தேகம் பெரும்பாலும் இங்கேயே நீங்குகிறது. நான்காம் படியில் சட்னி ஜாரின் கப்ளர் அசையவே மறுக்கிறது. வாஷர் தேய்ந்து, அரைத்த விழுது புஷ்ஷுக்குள் இறங்கிக் காய்ந்து, பிளேடின் தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுற்ற முடியாத மோட்டார் மிகுதியாக மின்சாரம் இழுத்துச் சூடேறியது. ஓவர்லோடு பட்டன் சுருள் எரிவதற்கு முன் அதை நிறுத்தியது. மாற்ற வேண்டியது ஜாரின் புஷ்ஷும் வாஷரும் மட்டுமே.

இதே வீடியோ மூடியைத் திறப்பதில் தொடங்கியிருந்தால், அந்த வீட்டில் கோளாறே இல்லாத மோட்டாரைப் பிரித்துப் போட்டிருப்பார்கள்.

ஸ்கிரிப்ட் முடிந்ததும் படப்பிடிப்புக்கு முன் ஒரு வேலை பாக்கி. மிக்ஸியைத் திறந்தே பழகாத ஒருவரை, பிளக் மாட்டாத மிக்ஸியின் முன் உட்காரவைத்து, குரல் வரிகளை மட்டும் வாசிக்க வேண்டும். அவர் கை எச்சரிக்கையைக் கேட்பதற்கு முன் எங்கே நகர்கிறதோ, அந்த வரியை மாற்றி எழுத வேண்டும். "எது?" என்று அவர் நிமிர்ந்து பார்க்கும் இடத்தில் ஓர் அருகாமைக் காட்சி தேவைப்படுகிறது. இரண்டும் இல்லாமல் ஏழு படியும் போனால், கேமராவை எடுக்கலாம்.