ஒரே விலை, இரண்டு அகலம்

பங்குச் சந்தை வரைபடத்தில் விலைக்கு மேலும் கீழும் ஓடும் கோடுகளில் இரண்டு வகை பிரபலம். பொலிஞ்சர் பட்டை, முடிவு விலைகளின் திட்ட விலக்கத்தில் உருவாகிறது. இன்றைய கெல்ட்னர் சேனல், வெல்ஸ் வைல்டர் 1978-இல் வெளியிட்ட ஏடிஆர் என்ற சராசரி உண்மை வீச்சில் உருவாகிறது. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் அளப்பது வேறு வேறு.

ஒரு பங்கு 20 நாளாக 99-க்கும் 101-க்கும் இடையே ஆடி, தினமும் 100-இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். முடிவு விலை மாறவே இல்லை. எனவே திட்ட விலக்கம் பூஜ்யம், பட்டை ஒரே கோடாகச் சுருங்கிவிடும். ஏடிஆரோ 2 ரூபாய். அதன் இரு மடங்கில் சேனல் 96 முதல் 104 வரை விரிந்து நிற்கும்.

மறுநாள் விலை தாவி 110-இல் முடிந்து, அதன்பின் 109-க்கும் 111-க்கும் இடையே அமைதியாக ஆடுகிறது. தாவிய நாளின் வீச்சு, முந்தைய முடிவான 100-இலிருந்து 111 வரை, 11 ரூபாய். ஆனாலும் 20 நாள் எளிய சராசரியில் ஏடிஆர் 2.45 மட்டுமே. பத்து நாள் கழித்தும் அதே 2.45தான். திட்ட விலக்கமோ முதல் நாள் சுமார் 2.18, பத்தாம் நாள் 5! காரணம், அது சராசரியிலிருந்து விலகும் தூரத்தை வர்க்கமாக்கிக் கூட்டுகிறது. பாதி விலைகள் 100, பாதி 110 என்றானதும் உச்சம் தொடுகிறது.

ஆகவே பட்டை விரிவதைப் பார்த்ததும் அன்றாட ஆட்டம் கூடிவிட்டதாக முடிவு கட்டாதீர்கள். ஏடிஆரையும் ஒருமுறை பாருங்கள்.