ஜப்பான் காலத்து ரேடியோவா? வால்வு சொல்லும் பதில்

"இது ஜப்பான்காரன் காலத்து ரேடியோ." பழைய மரப்பெட்டி ரேடியோ உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பழம்பொருள் கடைக்காரர்களும் இதைச் சொல்லியே விலையை ஏற்றுகிறார்கள். அது உண்மையா என்பதைப் பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் மின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே கண்ணாடிக் குழாய் போல நிற்பவை வால்வுகள். அவற்றின் மேல் ஆங்கில எழுத்துகளும் ஓர் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். துணியால் துடைத்தால் அந்த அச்சு அழிந்துவிடும். மங்கலாக இருந்தால் வாயால் லேசாக ஊதினாலே போதும், தெரியும்.

ஐரோப்பிய ரேடியோக்களில் அந்த எண்ணின் முதல் இலக்கம் முக்கியம். 3 என்றால் தடித்த அடிப்பாகமும் 8 ஊசிகளும் கொண்ட வால்வு. இவ்வகை போருக்கு முன்பே வந்தது. போருக்குப் பிறகும் சில ஆண்டுகள் புதிய ரேடியோக்களில் பயன்பட்டது. 4 என்றால் சிறிய வால்வு. கண்ணாடியின் அடி ஓரத்தில் ஒரு சிறு புடைப்பு இருக்கும். இது 1940களின் பிற்பகுதியில்தான் பரவியது. 8 என்றால் 9 மெல்லிய ஊசிகள் கொண்டது. 1950களின் ரேடியோக்களுக்கு உரியது. அமெரிக்க வால்வுகளின் எண்முறை வேறு.

உதாரணமாக, ஒரு மரப்பெட்டி ரேடியோவில் இ.சி.எச். 42, இ.எல். 41 ஆகிய வால்வுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு எண்களும் 4-இல் தொடங்குகின்றன. எனவே அது 1945-இல் முடிந்த ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் இருந்திருக்க முடியாது.

"வால்வைப் பிற்பாடு மாற்றியிருக்கலாமே?" என்று கேட்கலாம். வால்வு மாறலாம், ஆனால் அது செருகப்படும் சாக்கெட் அவ்வளவு எளிதில் மாறாது. பெரிய துளையில் தகடு வைத்துச் சிறிய சாக்கெட்டைப் பொருத்தியிருந்தால், அந்த இடத்தில் அரம் தேய்த்த தடமும் புதிய ஈயப்பற்றும் தெரியும். அப்படி எதுவும் இல்லையென்றால் வால்வின் சாட்சியை நம்பலாம்.

பெட்டியின் தோற்றம் அவ்வளவு உறுதியான சாட்சி அல்ல. பளபளக்கும் மரப்பெட்டிகள் 1930களிலும் வந்தன, 1950களிலும் வந்தன. பின்பலகையில் ஒட்டிய சீட்டையும் தனியாக நம்பக்கூடாது. பலகை வேறு ரேடியோவிலிருந்து வந்திருக்கலாம். சீட்டில் உள்ள வரிசை எண், உள்ளே இரும்புத் தட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போனாலும் வரிசை எண் ஆண்டைக் காட்டாது. தயாரிப்பாளரின் பதிவேடு இருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. சில ஒலிபெருக்கிகளின் பின்புறம் தேதி முத்திரை இருக்கும். அது வால்வோடு பொருந்தினால் முடிவு இன்னும் உறுதியாகும்.

இந்தச் சோதனை "இந்தக் காலத்துக்கு முந்தியது அல்ல" என்பதை மட்டுமே சொல்லும். தாத்தா ஜப்பான் காலத்தில் ரேடியோ கேட்டது இதனால் பொய்யாகிவிடாது. அவர் கேட்டது வேறு பெட்டியாக இருந்திருக்கலாம்.