அரைச் சுலோகத்தில் இரு தெய்வங்கள்

பட்டுத் தறிகளின் ஓசை நிறைந்த ஆரணிக்குச் சில மைல் தொலைவில் அடையபலம் என்னும் சிற்றூர் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் விளங்கிய அப்பைய தீக்ஷிதரின் ஊர் அது. அவர் இயற்றிய ‘குவலயானந்தம்’ என்னும் அணி நூலில், சிலேடைக்கு உதாரணமாக ஓர் அரைச் சுலோகம் வருகிறது. ஒரு தெய்வம் காக்க வேண்டும் என்று வாழ்த்தும் வாக்கியம் அது. எந்தத் தெய்வம் என்பதோ, நாம் ஸந்தியைப் பிரிக்கும் இடத்தைப் பொறுத்தது.

‘ஸர்வதோமாதவ:’ என்று அது தொடங்குகிறது. ‘தோ’ என்பதிலுள்ள ஓகாரம் எங்கிருந்து வந்தது என்பதே முதற் கேள்வி. அகரத்தை அடுத்த விசர்க்கம், மகரம் போன்ற எழுத்து பின்னே வருமாயின், அகரத்தோடு கூடி ஓகாரமாகும். அவ்வாறு கொண்டால் ‘ஸர்வத: மாதவ:’ என்று பிரியும். இரண்டும் முதல் வேற்றுமை ஒருமை. எல்லாம் அளிக்கும் திருமால் என்பது பொருள். ஆனால் ஆகாரமும் உகரமும் கூடினாலும் ஓகாரமே தோன்றும். அப்போது ‘ஸர்வதா உமாதவ:’ என்றாகிறது. ‘ஸர்வதா’ வேற்றுமை ஏற்காத அவ்யயம். ‘எப்பொழுதும்’ என்று பொருள்படும். உமாதவன் உமையின் கணவனாகிய சிவபெருமான்.

இவ்விடத்தில் மாணவர் ஒரு தவறு செய்வதுண்டு. ‘எல்லாம் அளிக்கும் உமாதவன்’ என்று இரண்டையும் கலந்து, ‘ஸர்வத: உமாதவ:’ எனப் பிரித்துவிடுவர். பொருள் அழகாகத்தான் இருக்கிறது, இலக்கணம் இடங்கொடாது. உகரத்தின் முன் அந்த விசர்க்கம் மறைந்துபோகும். அதன்பின் எஞ்சிய அகரமும் உகரமும் சேரமாட்டா. ‘ஸர்வத உமாதவ:’ என்றே ஒலிக்கும், ஓகாரம் வராது. ஆகவே, பிரித்த சொற்களை மீண்டும் புணர்த்திப் பார்ப்பதே சரியான சோதனை.

பின்னே ‘யோகங்காம்’ என்று கேட்கிறது. ‘ய: கங்காம்’ என்றால், ‘எவன் கங்கையை’ என்று பொருள், ‘கங்காம்’ இரண்டாம் வேற்றுமை. ‘ய: அகம் காம்’ என்றும் பிரிக்கலாம். விசர்க்கம் ஓகாரமான பின்பு, அடுத்த அகரத்தை அது விழுங்கிவிடும். ‘அகம்’ மலையை, ‘காம்’ என்பது ‘கோ’ என்ற சொல்லின் இரண்டாம் வேற்றுமை, இங்கே பூமியை. விழுங்கப்பட்ட அகரத்துக்கு அவக்கிரகக் குறி இட்டால் கண்ணுக்குத் தெரியும். செவிக்கு வேற்றுமை இல்லை.

முடிவில் நிற்கும் வினை ‘அதீதரத்’. முன்னுள்ள அகரம் இறந்த காலத்தைக் காட்டுகிறது. ‘தீ’ என்பது தாதுவின் முதலெழுத்து இரட்டித்ததால் வந்தது. படர்க்கை ஒருமையாதலால் ‘ய:’ என்னும் எழுவாயோடு பொருந்தித் ‘தாங்கினான்’ என்று பொருள் தருகிறது. கங்கையைத் தாங்கியவன் சிவன். கோவர்த்தன மலையையும் பூமியையும் தாங்கியவன் திருமால். வினை ஒன்றே, பெயர்களைப் பிரித்த வகையால் தெய்வம் இரண்டாயிற்று.